சட்டகத்துக்கு வெளியே

தியேட்டரில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின.

திரையில் கதாநாயகி பாழடைந்த விடுதியின் தாழ்வாரத்தில் கையில் கேமராவோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. பயத்தில் உறைந்திருந்தாள். ஆனால் பார்வையாளர்கள் ஏன் உறைய வேண்டும்? எல்லோர் கண்ணிலும் கண்ணாடி போல மாட்டும் விழிப்பட்டை இருந்தது. கழுத்தைத் திருப்பினால் போதும், கதாநாயகியின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதில் ஓடும் விரிகண் இயந்திரம் காட்டிவிடும். அவர்கள் பார்த்தது ஒரு மர அலமாரி, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு நாட்காட்டி.

"ஒண்ணும் இல்லடா" என்றார் யாரோ. கூட்டம் சிரித்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இளவெயினி விழிப்பட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள். அது அவள் இயக்கிய படம். இப்படிச் சிரிப்பை வாங்கிய படங்களில் இது முதலாவதும் அல்ல.

விரிகண் வந்த பிறகு உலகம் நன்றாகத்தான் இருந்தது. எந்த ஒளிப்பதிவைக் கொடுத்தாலும் அந்த இயந்திரம் அதன் ஓரங்களைத் தாண்டி விரித்துக் காட்டியது. தரையில் விழுந்த நிழல், கதாபாத்திரத்தின் கண்மணியில் தெரியும் பிரதிபலிப்பு, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு, கேமரா பார்க்காத பக்கத்தைக் கட்டி எழுப்பியது. தடயமே கிடைக்காத இடத்தில் அங்கே பெரும்பாலும் என்ன இருக்குமோ அதை வைத்து நிரப்பியது. கார்களில் அது இருந்தது. வீட்டு வாசல்களில் இருந்தது. காணாமல் போன குழந்தைகளைக்கூட அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

பேய்ப்படம் மட்டும் செத்துப்போனது. அதிலும், யாரோ எடுத்துவிட்டுப் போன பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்லும் 'கண்டெடுத்த பதிவு' வகைப் படங்கள் முதலில் செத்தன. அவற்றின் உயிரே சட்டகத்தில்தான் இருந்தது. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை மட்டும்தான் நீ பார்க்க முடியும், உன்னால் தலையைத் திருப்ப முடியாது என்பதுதான் அந்தப் பயத்தின் முழு ரகசியம். இப்போது எல்லோராலும் தலையைத் திருப்ப முடிந்தது.

இளவெயினி அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தாழ்வாரத்தில் அலமாரி கிடையாது. நாட்காட்டியும் கிடையாது. அந்த இடத்தில் படப்பிடிப்பின்போது வெறும் படிக்கட்டுதான் இருந்தது.

*

"அது தப்பு இல்ல, நிரப்பல்" என்றாள் ஷம்ஷாத். விரிகண்ணைச் செய்யும் நிறுவனத்தில் கணிப்புப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. கல்லூரியில் இளவெயினியோடு ஒரே அறையில் இருந்தவள். "தடயம் இல்லாத இடத்துல எது இருக்க வாய்ப்பு அதிகமோ அதைப் போடும். பழைய விடுதின்னா அலமாரி இருக்கும்தானே?"

"பேய் இருக்க வாய்ப்பு?"

"ரொம்பக் குறைவு. அதனால அது பேயை ஒருநாளும் போடாது."

"அப்ப நான் பயம் காட்ட வேண்டியது பேயை வெச்சு இல்ல, உன் அலமாரியை வெச்சு" என்றாள் இளவெயினி. வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. "கேளு ஷம்ஷு. பார்க்கறவன் பின்னால திரும்பறான். உன் மெஷின் ஒரு வழியைக் காட்டுது. அப்பாடா, ஓடித் தப்பிக்க வழி இருக்குன்னு நினைக்கறான். அடுத்த நிமிஷம் கேமராவே அந்தப் பக்கம் திரும்புது. அங்க வழியே இல்ல. அதுக்கப்புறம் அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்கறதை நம்புவானா?"

ஷம்ஷாத் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க கம்பெனிக்கு இது பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. படப்பிடிப்புக்கு நானும் வரேன்."

ஒளிப்பதிவாளர் ஜெரோமுக்கு வேறு கவலை. தூத்துக்குடிக்காரர். இளவெயினியின் முதல் படத்திலிருந்து கூடவே இருப்பவர். கதையைக் கேட்டு முடித்ததும் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி டைரக்டரே. அந்த ஆளு ஏன் கேமராவைக் கீழ போட்டுட்டு ஓட மாட்டேங்கான்? ஜனங்க இதத்தான் முதல்ல கேப்பாவ."

இந்த வகைப் படம் எடுக்கிற ஒவ்வொருவரையும் துரத்தும் கேள்வி அது. இளவெயினி எழுந்து நடக்க ஆரம்பித்தாள். யோசிக்கும்போது அவளால் உட்கார முடியாது.

"சாட்சிக்காக எடுக்கறான்னு வெக்கலாம். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, பதிவு இருந்தாத்தான் நம்புவாங்க."

"பழசு. ஆனா தாங்கும், பாதிப் படம் வரைக்கும். உயிருக்கு ஆபத்துன்னு வந்தா எவனும் சாட்சியைப் பத்தி நினைக்க மாட்டான்."

"வேலைக்காக. ஆவணப்படக் குழு, செய்திக்காரங்க, ப்ராஜெக்ட் பண்ற மாணவர்கள்."

"அதுவும் அப்படித்தான். வேலையை விட்டுட்டு ஓடுடான்னு கத்துவாவ."

"ஆளே இல்லாத கேமரா. கண்காணிப்புக் கேமரா, ஸ்டாண்டுல நிக்கறது. அதை யாரும் நிறுத்த வேண்டியதில்ல. அசையாத சட்டகம். ஒண்ணுமே நடக்காத ஒரு படத்தை ஜனங்க மூலைமூலையாத் தேடிக்கிட்டே இருப்பாங்க."

"அது நல்லாருக்கும். ஆனா படம் பூரா அதையே வெச்சு ஓட்ட முடியாது."

"வெளிச்சம்" என்று நின்றாள் இளவெயினி. "அவன்கிட்ட இருக்கற ஒரே விளக்கு கேமராவோட விளக்கு. ஒரே கண்ணு கேமராவோட இருட்டுப் பார்வை. அதைக் கீழ போட்டா குருடாயிடுவான். இதுக்கு எவனும் பதில் சொல்ல முடியாது."

ஜெரோமின் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்ப குகை மாதிரி ஏதாவது வேணும்."

மேகமலைப் பக்கம் கைவிடப்பட்ட நீர்மின் சுரங்கம் ஒன்று கிடைத்தது. நடிகர் தேர்வுக்கு அவள் அலையவேயில்லை. இந்த வகையில் கேமராவைப் பிடித்திருப்பவன் முகம் திரையில் வராது. அவன் மூச்சும் கை நடுக்கமும்தான் நடிப்பு. அதை ஜெரோமைவிட நன்றாக யார் செய்வது?

*

சுரங்கத்தின் வாய் அருகே கொட்டகை போட்டு, அதில் பெரிய திரையை வைத்திருந்தார்கள். பாறைக்குள் கம்பியில்லா அலை எடுபடாது. அதனால் கேமராவிலிருந்து ஒரு நீண்ட கேபிள் சுவரோரமாக வெளியே வந்தது. படமும் பேச்சும் அதன் வழியாகவே போய்வந்தன. திரையின் பாதியில் கேமரா காட்டும் சட்டகம், மறு பாதியில் அதையே விரிகண் விரித்துக் காட்டும் காட்சி.

உள்ளே சுரங்கம் ஒரு கூடம் போல அகலும் இடம் இருந்தது. அந்தக் கூடத்தின் ஒரு பக்கத்தில் பழைய செங்குத்துக் குழி ஒன்று வாய் பிளந்து கிடந்தது. ஒரு காலத்தில் இயந்திரங்களை இறக்கப் பயன்பட்டது. இப்போது அடியில் எங்கோ தண்ணீர் நின்றது. யாரும் விழுந்துவிடாமல் இளவெயினி அதன் முன்னால் கயிறு கட்டி, சத்தத்தை விழுங்கும் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த கறுப்புத் திரையைத் தொங்கவிட்டிருந்தாள். ஏமாற்று வேலைக்கும் அந்தத் திரைதான். கறுப்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. பஞ்சு எதிரொலியைத் திருப்பி அனுப்பாது. ஒளியும் ஒலியும் போய்த் திரும்பவில்லை என்றால் விரிகண் என்ன நினைக்கும்? அங்கே நீண்ட வழி ஒன்று இருக்கிறது என்றுதான்.

அப்படியேதான் நடந்தது. காலையில் எடுத்த முதல் காட்சியிலேயே, விரித்த படத்தில் அழகான, சமதளமான, அகன்ற பாதை ஒன்று தெரிந்தது. ஷம்ஷாத் தன் இயந்திரம் ஏமாந்ததைப் பார்த்துக் கைதட்டினாள்.

"கல்லுக்கு ஈரம்கூடப் போட்டிருக்கு பாரு. எவ்வளவு தன்னம்பிக்கை."

மதியம் ஜெரோம் தனியாக உள்ளே போனார். வெட்டில்லாத ஒரே நீளக் காட்சி. அவர் கூடத்தைத் தாண்டி நடந்து, பயந்து, திரும்பி ஓடிவர வேண்டும். இளவெயினி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு திரை முன் உட்கார்ந்திருந்தாள். மூச்சு, காலடி, துள்ளும் வெளிச்சம்.

அப்போது மலை உறுமியது.

கொட்டகையில் நாற்காலிகள் ஆடின. சுரங்கத்தின் வாயிலிருந்து தூசி புகையாக வெளியே பீறிட்டது. திரையில் சட்டகம் உருண்டு, தலைகீழாகி, சாம்பல் நிறமாகி நின்றது. சுவரோரக் கேபிள் அறுபடவில்லை, கேமரா பதிவை நிறுத்தவில்லை. நிறுத்த அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை.

"ஜெரோம்" என்றாள். "ஜெரோம், பேசு."

இருமல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை சட்டகத்துக்குள் வந்து கேமராவைத் தூக்கியது.

"இருக்கேன். வந்த வழி மூடிருச்சு. எந்தப் பக்கம் நிக்கேன்னு தெரியல. தலைவிளக்கு உடைஞ்சிருச்சு. கேமரா விளக்கு மட்டும் எரியுது. பேட்டரி சிவப்புல நிக்குது."

சுரங்கப் பாதுகாப்புக்காக மதியம்தான் வந்து சேர்ந்திருந்த, காலையில் செய்த திரை வேலை தெரியாத அதிகாரி செண்பகராமன் ஏற்கெனவே மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டு விரித்த காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கவலைப்படாதீங்க" என்றார். "அவருக்கு இடப்பக்கம் பெரிய பாதை திறந்திருக்கு. தெளிவாத் தெரியுது. சார், உங்களுக்கு இடது பக்கம் திரும்பி நேரா நடங்க. வெளிச்சத்தைச் சேமிக்கணும். விளக்கை அணைச்சிட்டு நடக்கலாம், தரை சமமாத்தான் இருக்கு."

விளக்கு அணைந்தது. சட்டகம் முழு இருட்டானது. விரித்த காட்சியில் மட்டும் பாதை பளிச்சென்று இருந்தது. காலடிச் சத்தம் தொடங்கியது.

அந்தப் பாதையின் ஈரக் கல்லை இளவெயினி காலையிலேயே பார்த்திருந்தாள்.

"ஜெரோம், நில்லு. ஒரு அடி வெக்காதே. லைட்டைப் போடு."

விளக்கு எரிந்தது. சட்டகத்தின் நடுவில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், குழியை மறைத்த கறுப்புத் திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கட்டியிருந்த கயிறு அறுந்து தொங்கியது.

ஜெரோமின் மூச்சு மட்டும் கொட்டகை முழுவதும் கேட்டது. சற்று முன்பு அவர் நடித்த மூச்சு அல்ல அது.

ஷம்ஷாத் எட்டி, விரித்த காட்சியை அணைத்தாள். "அதுக்குத் தெரியாததை அது தெரியும்னு சொல்லுது" என்றாள். "இனிமே அதைப் பார்க்க வேண்டாம்."

திரையில் மிஞ்சியது ஒரு சின்னச் செவ்வகம். அதில் கொஞ்சம் பாறை, நிறையத் தூசி. வேறு எதுவும் இல்லை. மீட்புப் படை வந்து துளையிட நேரமாகும். மேலே பாறை இன்னும் நொறுங்கிக்கொண்டிருந்தது.

இளவெயினி கண்ணை மூடித் திறந்தாள். இத்தனை வருஷமாக அவள் படித்தது ஒன்றே ஒன்றைத்தான்: சின்னச் சட்டகத்துக்குள் பார்க்கிறவனை எப்படித் தேட வைப்பது. கேமராவை வேகமாக ஆட்டினால் எதுவும் தெரியாது, பயம் மட்டும் வரும். அசையாமல் வைத்தால் அசைகிற சின்ன விஷயம்கூடத் தெரியும்.

"ஜெரோம், கேமராவைத் தரையில வை. கையை எடுத்துடு. நீ விலகி நின்னு மூச்சை மெதுவா விடு."

"இப்பவா? கேமராவை விடவா?"

"விடு. என்னை நம்பு."

சட்டகம் அசைவற்று நின்றது. விளக்கின் கற்றையில் தூசி மிதந்தது. மூன்று பேரும் திரைக்கு முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். முதலில் தூசி சும்மா சுழல்வது போலத்தான் இருந்தது. பிறகு செண்பகராமன் மெல்லச் சொன்னார்: "வலது பக்கம் போகுது."

ஆமாம், போனது. மிக மெதுவாக, எல்லாத் துகளும், சட்டகத்தின் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே நழுவிக்கொண்டிருந்தன. காற்று எங்கோ இழுத்தது. காற்று போகிற இடத்தில் வெளி இருக்கும்.

"அந்தப் பக்கம் பழைய காற்றுவழி ஒண்ணு வரைபடத்துல இருக்கு" என்றார் செண்பகராமன். குரல் உயர்ந்தது. "முழுசா அடைஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கு. ஆனா காத்து போகுதே."

"கேமராவைத் தூக்கு ஜெரோம். வலது பக்கம். மெதுவா. ஒவ்வொரு சட்டகமும் முந்தினதோட கொஞ்சம் சேர்ந்து வரணும். தரையைக் காட்டு, அப்புறம் சுவர், அப்புறம் மறுபடி தரை. நான் பார்க்காத இடத்துல கால் வைக்காதே."

அவர் நடந்தார். அவள் பார்த்தாள். கையளவு கையளவாகச் சுரங்கம் அந்தச் செவ்வகத்துக்குள் வந்து போனது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. தெரிவது இவ்வளவுதான், ஆனால் இவ்வளவும் உண்மை. கடைசியில் ஒரு பாறைக்குப் பின்னால் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஒரு பிளவு தெரிந்தது.

அதை எட்டுவதற்கு முன்பே கேபிள் முடிந்துவிட்டது. விறைத்து இழுத்தது.

"டைரக்டரே" என்றார் ஜெரோம். "இதைக் கழட்டினாத்தான் போக முடியும்."

கழற்றினால் கொட்டகையில் இருப்பவர்கள் குருடாகிவிடுவார்கள். ஜெரோம் அல்ல, அவர்கள். இளவெயினிக்கு அது புரிய ஒரு கணம் ஆனது.

"கழட்டு" என்றாள்.

திரை கறுத்தது.

அடுத்து வந்த காத்திருப்பை அவளால் பிறகு யாருக்கும் விவரிக்க முடியவில்லை. சட்டகமே இல்லாத படம் அது. செண்பகராமனின் ஆட்கள் மலைச்சரிவில் காற்றுவழியின் மறுவாயைத் தேடி ஓடினார்கள். அவளும் ஓடினாள், புதரும் முள்ளும் பார்க்காமல். வெயில் சாயும் நேரத்தில், செடிகள் மூடிய ஒரு பொந்திலிருந்து முதலில் வெளிவந்தது கேமராவின் லென்ஸ். பிறகு மண் அப்பிய ஒரு தாடி.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னமும் பதிவாகிக்கொண்டிருந்தது.

"கேபிள் இல்ல, யாரும் பார்க்கலைன்னு உனக்குத் தெரியும்" என்றாள் இளவெயினி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வழி பார்க்க அதோட விளக்கைப் போட்டா போதும். ஏன் ரெக்கார்ட் பண்ணே?"

ஜெரோம் மூச்சு வாங்கியபடி யோசித்தார். "வெறுங்கண்ணால பார்த்தா நான் சாவப் போறேன்னு இருந்துச்சு. லென்ஸ் வழியா பார்த்தா, அந்த ஆளு சாவப் போறான்னு இருந்துச்சு. அந்த ஆளை எப்படியாவது வெளிய கொண்டு வந்துரணும்னு தோணிச்சு."

*

அந்தப் பதிவை வெட்டாமல், விரிக்காமல் வெளியிட்டார்கள். விழிப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று இளவெயினி நிபந்தனை போட்டாள். தியேட்டர்களில் யாரும் சிரிக்கவில்லை. கறுப்புத் திரை ஆடும் இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாடே அதைப் பற்றித்தான் பேசியது.

விரிகண் நிறுவனம் ஆடிப்போனது. தெரியாத இடத்தைச் சாம்பல் நிறமாகக் காட்டிவிடலாம் என்று ஷம்ஷாத் சொன்னாள். மேலிடம் கேட்கவில்லை, ஓட்டையோடு ஒரு பொருளை யார் வாங்குவார்கள் என்றார்கள். அதற்குப் பதிலாக, இயந்திரம் இனி ஏமாறக் கூடாது என்று முடிவு செய்து, ஜெரோமின் பதிவையும், உலகில் இதுவரை வந்த கண்டெடுத்த பதிவுப் படங்கள் எல்லாவற்றையும் அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். ஷம்ஷாத் வேலையை விட்டுவிட்டு இளவெயினியின் வீட்டுக்கு வந்தாள்.

"என்ன கத்துக்கும் தெரியுமா?" என்றாள், பையைத் தரையில் போட்டுவிட்டு. "ஒருத்தர் ரொம்ப நேரம் கேமராவை நிறுத்தாம எடுத்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். அந்தப் படங்கள்ல எல்லாம் காரணம் ஒண்ணுதான். சட்டகத்துக்கு வெளியே ஏதோ நிக்குது."

புதிய விரிகண் வெளிவந்த வாரமே முதல் புகார் வந்தது. ஒரு கல்யாண வீடியோ. அதைப் பார்க்கையில், தாலி கட்டும் காட்சியில் கழுத்தைத் திருப்பிய மாமியார், பந்தி வாசலில் யாரோ அசையாமல் நிற்பதைக் கண்டு அலறினார். பிறகு பள்ளி ஆண்டுவிழாக்கள், காதுகுத்து, வீட்டு வாசல்கள். பதிவு நீள நீள, பின்னால் நின்ற உருவம் தெளிவாகிக்கொண்டே வந்தது. அங்கே யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் இருக்கக்கூடியதைத்தான் இயந்திரம் காட்டுகிறது என்பதும் தெரியும். அந்தப் 'பெரும்பாலும்'தான் தூங்கவிடவில்லை.

நிறுவனம் திருத்திக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் தாங்களாக ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். பதிவைச் சீக்கிரம் நிறுத்திவிடுவது. நிறுத்திவிட்டால் காரணம் தேவையில்லை. காரணம் இல்லையென்றால் உருவமும் வராது. கேக் வெட்டும் இடத்தில் ஓரிரு நொடி எடுத்துவிட்டுக் கேமராவைப் பையில் போட்டார்கள். பிறகு அதையும் விட்டார்கள்.

ஜெரோமின் மகள் கல்லூரி முடித்ததற்கு வீட்டில் விருந்து. பிரியாணி வாசனை, சத்தம், நிறையச் சொந்தக்காரர்கள். ஒரு கையிலும் கேமரா இல்லை. எல்லோரும் வெறுங்கண்ணால் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"எத்தனை காலமாக் கத்தினாவ, கேமராவைக் கீழ போடுங்கடான்னு" என்றார். "இப்ப எல்லாரும் போட்டுட்டாவ. இனிமே நமக்கு என்ன சோலி?"

இளவெயினி எழுந்து அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே நடக்க ஆரம்பித்திருந்தாள். ஷம்ஷாத் தட்டோடு ஒதுங்கி வழிவிட்டாள். அந்த நடையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

"ஒரு பதிவு கிடைக்குது" என்றாள் இளவெயினி. "சாதாரண வீடு, சாதாரண விருந்து. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. எந்த உருவமும் இல்ல. திடீர்னு நின்னு போயிடுது. பார்க்கறவன் கேக்கப் போற கேள்வி இனிமே வேற, ஜெரோம்."

"என்னது?"

"ஏன் நிறுத்தினாங்க?"

ஜெரோம், ஒரு கேமராகூட இல்லாத அந்தக் கூடத்தை மெல்ல ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.